தலைமன்னார் போய் மாத்தளை வர எவ்வளவு?

மாத்தளை டவுனில் வேன் ஹயருக்கு விடும் எவரிடமும் "மூணு நாள், குடும்பத்தோட, எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு முடிக்கும் முன்னரே ஒரு ரூட் தயாராக வந்து விழும். தம்புள்ளை குகைக் கோயில், சீகிரியா, வழியில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம், மூன்றாம் நாள் ரிவஸ்டன் பக்கம் குளிரில் ஒரு படம். நல்ல ரூட்தான், குறை சொல்வதற்கில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் மாவட்டம் என்றால் இதுதான். ஆனால் நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான்கு தலைமுறையாக இருக்கிறோம். எங்கள் குடும்பம் போக நினைத்த வழி வேறு: தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வரை.

இதை முதலில் போனில்தான் கேட்டோம். ஒரு ஏஜென்ட் "அறுபதுல இருந்து தொண்ணூறுக்குள்ள வரும்" என்றார். இன்னொருவர் "அது எங்க போறீங்க எங்க நிக்கிறீங்கங்கிறதப் பொறுத்தது தம்பி" என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் நியாயம். அறுபதாயிரத்துக்கும் தொண்ணூறாயிரத்துக்கும் நடுவில் எங்கள் வீட்டில் இரண்டு பேரின் மாதச் சம்பளம் கிடக்கிறது. ஆகவே எழுத்தில் கேட்பது என்று முடிவானது. ஒரே கடிதம், மூன்று ஏஜென்டுகளுக்கு. பெரியம்மா மகள் கணக்கில் கெட்டி, அவள் தூரங்களைப் பார்த்தாள். நாங்கள் மற்ற நான்கு பேரும் நேரத்தைப் பார்த்தோம்.

ஏன் இந்த வழி என்று முதலில் சொல்லிவிடுகிறோம். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள் படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். தண்ணீரில்லாத வறண்ட காடு, கொலரா, காய்ச்சல். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மலையைக் கண்ட இடம் மாத்தளை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை ஒட்டி, அதே திசையில் ஒரு நடைபயணம் போனது. யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. பதினாறு நாள். எங்கள் அம்மாயி அன்றைக்கு மாத்தளையில் ரோட்டோரம் நின்று பார்த்தவர். அப்போதிருந்தே "என்ன ஒருதடவ அங்கிட்டு கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் கேட்டது முன்னோர் வந்த வழியைப் பார்க்க மட்டுமல்ல. தலைமன்னார் வந்த இடம் மட்டுமில்லை, போன இடமும்தான். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படிப் போனவர்கள் ரயிலில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஏற்றிவிட வந்தவர்கள் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. அம்மாயியின் அக்கா எழுபதுகளில் அப்படிப் போனவர். மாத்தளை ஸ்டேஷன் வரைக்கும்தான் அம்மாயி கூடப் போனார். அதற்குப் பிறகு கடிதங்கள், பிறகு அதுவும் இல்லை. அக்கா கப்பல் ஏறிய இடத்தை அம்மாயி பார்த்ததே கிடையாது. இப்போது அவருக்கு எண்பது. முழங்கால் இரண்டும் சரியில்லை.

இந்தக் கதையை ஏஜென்டுக்கு எழுதத் தேவையில்லை. ஆனால் கடிதத்தில் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்று எழுதினோமோ, அதெல்லாம் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

முதலில் தூரம். கூகுள் மேப் இருக்கும்போது இதற்கு என்ன மெனக்கெடல் என்று மாமா கேட்டார். மேப் தூரத்தைச் சரியாகத்தான் சொல்கிறது. என்றாலும் ஏஜென்டோடு பேசும்போது இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அளவு வேண்டும், அது ரோட்டோரத்திலேயே நிற்கிறது. ஏ9 வீதியின் கிலோமீற்றர்க் கணக்கு கண்டியிலிருந்து தொடங்குகிறது. மாத்தளை 26க்குக் கிட்ட, நாலந்தா 49க்குக் கிட்ட, தம்புள்ளை 72க்குக் கிட்ட. கழித்தால் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் 46. நாலந்தா ஏறக்குறைய நட்டநடுவில். தம்புள்ளையிலிருந்து மிகிந்தலை தாண்டி மதவாச்சி வரை இன்னொரு 84. மதவாச்சியில் ஏ9ஐ விட்டு இடதுபக்கம் ஏ14 பிரிகிறது. அது தலைமன்னார் வரை 114. அதில் மன்னார் டவுன் வரை 84, பாலம் தாண்டி தீவுக்குள் 30. ஆக மாத்தளையிலிருந்து தலைமன்னார் 244 கிலோமீற்றர். இன்றைய தார் ரோடு அன்றைய ஒற்றையடிப் பாதை மேலேயே போகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. திசை அதுதான்.

இந்த 244இல் எங்கள் தோட்டம் இல்லை. டவுனிலிருந்து தோட்டத்து வாசலுக்கு 16 கிலோமீற்றர். இங்கேதான் ஹயர் கணக்கில் முதல் சிக்கல். வேன் டவுனில் நிற்கிறது. எங்களை ஏற்ற 16 வரவேண்டும், இறக்கிவிட்டு 16 திரும்பிப் போகவேண்டும். சில ஏஜென்டுகள் எங்கள் வாசலில் மீற்றர் பார்க்கிறார்கள். சிலர் வேன் கராஜை விட்டுக் கிளம்பும்போதே பார்க்கிறார்கள், அதற்குக் கராஜ் டு கராஜ் என்று பெயர். இரண்டும் நடைமுறையில் இருப்பதுதான், திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் எதுவென்று முதலிலேயே கேட்காவிட்டால் கடைசி நாள் இரவு, பிள்ளைகள் தூங்கிவழியும் நேரத்தில், வாசலில் நின்று இந்த 32 கிலோமீற்றருக்குத்தான் சண்டை நடக்கும். இதே காரணத்தால்தான் "தலைமன்னாருக்கு நாங்க பஸ்ல போறோம், வேன் அங்க வந்து ஏத்தினா போதும்" என்ற யோசனையும் செத்தது. வேன் அங்கே வெறுமனே ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான். அதற்கும் காசு, பஸ்ஸுக்கும் காசு.

அடுத்தது நேரம். மேப் காட்டும் நேரம் நிற்காமல் ஓடும் காருக்கு. பதினொரு பேர் ஏறிய வேனுக்கு அதோடு மூன்றில் ஒரு பங்காவது கூட்ட வேண்டும் என்பது எங்கள் அனுபவம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு 16 கிலோமீற்றர்தான், ஆனால் வளைவும் பள்ளமுமாக ஐம்பது நிமிடம் ஆகும். அதே ஐம்பது நிமிடத்தில் மன்னார் ரோட்டில் நாற்பது கிலோமீற்றர் போய்விடலாம், நேரான ரோடு. எல்லா இடத்துக்கும் ஒரே வேகம் போட்டுக் கணக்குப் பார்த்தால் மலைப்பக்கம் பிந்திவிடும், வன்னிப்பக்கம் முந்திவிடும்.

அம்மாயிக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்க வேண்டும், கழிப்பறையும் வேண்டும். கழிப்பறை என்று எழுதினால் போதாது. குந்தும் கழிப்பறையில் அவரால் எழும்ப முடியாது, ஆகவே கொமட் என்று எழுத வேண்டும். இந்த ஒரு சொல் ரூட்டையே மாற்றியது. மதவாச்சிக்கும் மன்னாருக்கும் நடுவில் நம்பி நிறுத்த இடங்கள் குறைவு. ட்ரைவர்மாருக்குத்தான் எந்தக் கடையில் பின்பக்கம் நல்ல கொமட் இருக்கிறது என்று தெரியும். அதனால் கடிதத்தில் நாங்களே இடம் குறிக்காமல் அதைக் கேள்வியாக வைத்தோம். பதில் எழுதுகிற ஏஜென்டுக்கு அந்த ரோடு உண்மையில் தெரியுமா என்று பார்க்கவும் அது ஒரு வழி.

இருட்டுக்கு முன்னால் தங்குமிடம் சேர வேண்டும் என்பதும் அப்படித்தான். வயதானவர் இருப்பது ஒரு காரணம். மற்றது, மதவாச்சி சுற்றுவட்டாரத்தில் பொழுது சாய்ந்தால் ரோட்டில் யானை நிற்கும்.

திகதியையும் கொஞ்சம் யோசித்தோம். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்த நாட்களில் ஏ14 முழுக்க யாத்திரீகர்கள், மன்னாரில் அறை கிடைப்பது கஷ்டம். கண்டிப் பெரஹராவும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் வரும், மாத்தளையில் நிற்கும் வேன்களில் பாதி கண்டிக்குப் போய்விடும். இரண்டும் முடிந்த பிறகு என்று எழுதினோம். மாசி மகத்தில் வைக்கலாம் என்று அத்தை ஆசைப்பட்டார். அன்றைக்கு மாத்தளையில் ஐந்து தேர் ஓடும், கோயில் இருப்பதோ பிரதான வீதியிலேயே. வேனைக் கோயிலுக்குக் கிட்டக் கொண்டுபோகவே முடியாது. அம்மாயியால் அவ்வளவு தூரம் கூட்டத்துக்குள் நடக்கவும் முடியாது.

கடிதம் இது. பெயர்களையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டு அப்படியே போடுகிறோம்.

"மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குடும்பத்தின் மூன்று நாள், இரண்டு இரவுப் பயணத்துக்கு வேன் ஒன்றுக்கான கொட்டேஷன் தேவைப்படுகிறது. ஓகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவும் கண்டிப் பெரஹராவும் முடிந்த பின் வரும் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. உங்களிடம் வேன் இருக்கும் திகதிகளைக் குறிப்பிடவும்.

நாங்கள் பதினொரு பேர். ஒருவருக்கு 80 வயது, உயரமான படியில் ஏற முடியாது. ஒருவருக்கு ஆறு வயது. பதினான்கு ஆசனமுள்ள, உயரக் கூரை வைத்த ஏசி வேன் வேண்டும். கதவுக்குப் பக்கத்து ஆசனம் பாட்டிக்கு. ஏறி இறங்கச் சிறிய பலகை ஒன்று வேனில் இருக்க வேண்டும்.

முதலாம் நாள்: காலை 5.00 மணிக்குத் தோட்டத்து வாசலிலிருந்து புறப்பாடு. தம்புள்ளை 62 கி.மீ., காலைச் சாப்பாடு 40 நிமிடம். அங்கிருந்து மதவாச்சி 84 கி.மீ., வழியில் மிகிந்தலைக்குக் கிட்ட 20 நிமிடம். மதவாச்சியிலிருந்து மன்னார் 84 கி.மீ., வழியில் 20 நிமிடம். பகல் 12.30க்குள் மன்னாரில் தங்குமிடம். மாலை 4.00 மணிக்குத் திருக்கேதீஸ்வரம் போய்வர ஏறக்குறைய 24 கி.மீ. அன்றைய மொத்தம் 254 கி.மீ.

இரண்டாம் நாள்: காலை 6.00 மணிக்குத் தலைமன்னார் இறங்குதுறை, 30 கி.மீ. அங்கே ஒன்றரை மணித்தியாலம். இந்த நேரத்தை எக்காரணம் கொண்டும் குறைக்க வேண்டாம். வேன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். திரும்பி மன்னார் 30 கி.மீ., சாப்பாடு 45 நிமிடம். மதவாச்சி 84 கி.மீ., பகல் சாப்பாடு ஒரு மணித்தியாலம். தம்புள்ளை 84 கி.மீ., மாலை 4.30க்குள் தங்குமிடம். அன்றைய மொத்தம் 228 கி.மீ.

மூன்றாம் நாள்: காலை 9.30க்குப் புறப்பாடு. 23 கி.மீ.யில் நாலந்தா கெடிகே, 45 நிமிடம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 23 கி.மீ., பகல் நடை சாத்துவதற்கு முன் சேர வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் தோட்டம் 16 கி.மீ. அன்றைய மொத்தம் 62 கி.மீ.

வாசலிலிருந்து வாசல் வரை 544 கி.மீ. கடை, வாசனைத் தோட்டம் போன்ற இடங்களில் நிறுத்த வேண்டியதில்லை.

தனியாக விலை குறிப்பிட வேண்டியது: மூன்றாம் நாள் அதிகாலை 5.45க்கு நான்கு பேர் மட்டும் தம்புள்ளையிலிருந்து சீகிரியா போய்வருதல், 40 கி.மீ., காலை 10.30க்குத் திரும்புதல். அப்படியானால் கோயிலுக்கு மாலை 4.30க்குப் போவோம்.

கொட்டேஷனில் பின்வருவன தெளிவாக இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு எத்தனை கி.மீ. உட்பட்டது, அதற்கு மேல் ஒரு கி.மீ.க்கு எவ்வளவு. மீற்றர் எங்கிருந்து பார்க்கப்படும், எங்கள் வாசலா உங்கள் கராஜா. சாரதியின் பட்டா, சாப்பாடு, இரண்டு இரவு படுக்கை யார் பொறுப்பு. புறப்படும் முன் டீசல் விலை மாறினால் கட்டணம் மாறுமா. வேனின் காப்புறுதி ஹயர் ஓட்டத்துக்கானதா. மதவாச்சிக்கும் மன்னாருக்கும் இடையில் கொமட் உள்ள இடம் எது. முற்பணம் எவ்வளவு, பயணத்தைத் தள்ளிப்போட நேர்ந்தால் அது என்னாகும்.

நன்றி."

இரண்டு விஷயத்துக்கு விளக்கம் வேண்டியிருக்கும். வாசனைத் தோட்டம் வேண்டாம் என்று எழுதியது, மாத்தளைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த காரணத்தால்தான். ஏ9இல் அலுவிகாரைப் பக்கமும் அதற்கு அப்பாலும் இந்தத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. சுற்றிக் காட்டுவது இலவசம், கடைசியில் கடைக்குள் கொண்டுபோய் விடுவார்கள். வாங்கும் பொருளில் ஒரு பங்கு வேன் கொண்டுவந்தவருக்குப் போகும். குறைந்த கட்டணம் சொல்கிற சில ஹயர்களில் குறைந்த மிச்சம் அங்கேதான் நிரம்புகிறது. எங்கள் வீட்டுப் பின்பக்கமே கராம்பும் மிளகும் நிற்கிறது, அங்கே போய் நாங்கள் என்ன பார்ப்பது!

மற்றது ட்ரைவரின் படுக்கை. போன வருஷம் சொந்தக்காரர் கல்யாணமொன்றுக்குப் போன வேனில் ட்ரைவருக்கு யார் இடம் கொடுப்பது என்று எவரும் பேசியிருக்கவில்லை. அந்த மனுஷன் இரண்டு இரவும் வேனுக்குள்ளேயே ஜன்னலைத் திறந்துவிட்டு, நுளம்புக் கடியில் படுத்தார். திரும்பும்போது கலேவெலைக்கு வருமுன் இரண்டு தடவை கண் சொக்கியது. மாமா முன்னால் உட்கார்ந்து மாத்தளை வரை கதை கேட்டுக்கொண்டே வந்தார். பட்டா என்பது ட்ரைவருக்கு நாம் போடும் பிச்சை இல்லை. பின்னால் தூங்கும் பதினொரு பேருக்காக அவர் தூங்க வேண்டும்.

மூன்று பதிலும் ஒரு வாரத்துக்குள் வந்தன. எண்களை எளிதாகப் பார்க்கக் கொஞ்சம் உருட்டித் தருகிறோம்.

முதலாமவர் மூன்று நாளுக்கு 54,000 ரூபா என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கீழே பார்த்தால் நாளுக்கு 100 கிலோமீற்றர்தான் அதில் அடக்கம், மேலதிகக் கிலோமீற்றருக்கு 130 ரூபா, மீற்றர் கராஜ் டு கராஜ், பட்டா நாளுக்கு 2,000 தனி. கராஜ் ஓட்டம் 32ஐச் சேர்த்தால் எங்கள் பயணம் 576 கிலோமீற்றர். மூன்று நாளுக்கு 300 போக 276 மிச்சம், அது 35,880 ரூபா. பட்டா 6,000. கூட்டினால் 95,880.

இரண்டாமவர் நாள் கணக்கே வைக்கவில்லை. ஒரு கிலோமீற்றருக்கு 150, எங்கள் வாசலிலிருந்து, இரவொன்றுக்குப் பட்டா 2,500. 544க்கு 81,600, பட்டா 5,000, மொத்தம் 86,600. கேட்கும்போது விலை கூடிய ஆளாகத் தெரிந்தவர் கணக்கில் குறைந்த ஆளாகிவிட்டார். ஓட்டம் கூடிய, நிற்பது குறைந்த பயணத்துக்குக் கிலோமீற்றர் கணக்கு எப்போதும் இப்படித்தான் வரும் என்றில்லை. நாளுக்கு நூறுக்குள் ஓடி ஒரே ஊரில் நிற்கிற பயணமாக இருந்தால் முதலாமவர்தான் மலிவு. எங்களுடைய மூன்றாம் நாள் அப்படி, ஆனால் முதல் இரண்டு நாளும் இருநூறைத் தாண்டுகின்றன.

மூன்றாமவர் 92,000 என்றார். கராஜிலிருந்து 600 கிலோமீற்றர் வரை, பட்டாவும் ட்ரைவரின் அறையும் உள்ளே, டீசல் ஏறினாலும் அதே விலை. சீகிரியாவைச் சேர்த்தால் 616 வரும், அந்தப் பதினாறுக்கு மட்டும் தனியாகக் காசு. இரண்டாமவரிடம் சீகிரியாவைச் சேர்த்தால் 6,000 கூடி 92,600 ஆகிறது. ஆக சீகிரியா போகாவிட்டால் ஒருவர், போனால் ஏறக்குறைய சமம்.

சீகிரியா பற்றி வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். நாங்கள் நான்கு பேரும் இதே மாவட்டத்தில் பிறந்தும் அந்தக் கல்லின் மேல் ஏறியதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி, ஏறி இறங்கக் குறைந்தது மூன்று மணித்தியாலம். காசைவிட நேரம்தான் பிரச்சினையாக இருந்தது. நாங்கள் போய்வரும் வரை மற்ற ஏழு பேரும் தம்புள்ளை அறையில் காத்திருக்க வேண்டும். கோயிலில் பகல் பூஜை தவறிப்போகும். அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா மகள்தான் அந்த வரியைப் பேனையால் வெட்டினாள். சீகிரியா இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம், எப்போதும் போகலாம் என்றாள்.

அதை வெட்டியதும் கணக்குப்படி இரண்டாமவரைப் பிடித்திருக்க வேண்டும். 5,400 ரூபா வித்தியாசம். ஆனால் அவருடைய பதிலில் காப்புறுதிக் கேள்விக்கு "பிரச்சினை இல்லை" என்று மட்டும் இருந்தது. சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி செய்த வேனைக் காசுக்கு ஓட்டினால், ஏதாவது நடந்த பிறகு கம்பனி கையை விரிக்க இடமிருக்கிறது. கொப்பியைக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டோம், வரவில்லை. கொமட் கேள்விக்கும் பதிலில்லை. மூன்றாமவர் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். மதவாச்சி தாண்டி எந்த இடத்தில் நிற்கலாம், எந்த இடத்தில் கதவு பூட்டியிருக்கும் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தார்.

அவர் டவுனில் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற ஆள், முப்பது வருஷமாக வேன் ஓட்டியவர். முற்பணம் கட்டப் போன அன்று எங்கள் கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். சில இடங்களில் பென்சிலால் குறி. முதலாம் நாள் 5.00 மணிக்குப் பதிலாக 4.30 என்றார், சனம் கூடும் முன் தம்புள்ளைச் சந்தையைத் தாண்டிவிடலாமாம். மரக்கறி லொறிகள் அங்கே ரோட்டை அடைத்துக்கொள்ளும். இரண்டாம் நாள் பகல் சாப்பாட்டை மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு வரலாம் என்றார், மீன் அங்கேதான் நல்லது. பிறகு இறங்குதுறை வரிக்கு வந்து நின்றார்.

"ஒன்னரை மணித்தியாலம் போட்டிருக்கீங்க. அங்க பழைய பாலமும் கடலுந்தான். பாக்குறதுக்கு பதினஞ்சு நிமிஷம் போதுமே?"

அம்மாயியின் அக்கா விஷயத்தை அப்போதுதான் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். தன்னுடைய வாப்பாவின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரரும் அந்தக் கோச்சியில் போனவர்தான் என்றார். பிறகு வரியை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் எதையோ எழுதினார்.

"அங்க காத்து பலமா இருக்கும், நிக்க ஏலாது. மடிக்கிற கதிர ஒன்னு வேன்ல போட்டுக்குறேன். மூத்தம்மாவ வேனுக்கு மறைவுல, கடலப் பாத்தாப்புல உக்கார வைக்கலாம்."

ரசீதில் முற்பணம் 20,000 என்றும், மிச்சம் 72,000 மூன்றாம் நாள் கோயில் வாசலில் என்றும் எழுதித் தந்தார். கதிரைக்குக் காசு போடவில்லை.